கிளினிக் மென்பொருளுக்கு மாதாந்திரக் கொட்டேஷன் போட்ட அனுபவம்

ஒரு சிறிய கிளினிக்குக்கு நான் எழுதிக் கொடுத்த மென்பொருளில்தான் டோக்கன், நோயாளி பதிவு, மருந்துச்சீட்டு, பில் எல்லாம் ஓடுகின்றன. இலவசப் பராமரிப்புக் காலம் முடிந்ததும் டாக்டர் கேட்டார்: "மாதம் எவ்வளவு, அதற்கு என்ன செய்து தருவீர்கள்? ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்க."

மென்பொருளின் விலையில் இத்தனை சதவீதம் என்று போடுவதுதான் பலரின் வழக்கம். அந்தக் கணக்கு, கிளினிக் உண்மையில் எத்தனை முறை கூப்பிடுகிறது என்பதைப் பார்ப்பதே இல்லை. அதனால் கடந்த ஆறு மாதப் புகார்களை எடுத்துப் பிரித்தேன்: மென்பொருள் பிழை, தப்பாகப் பதிந்ததைத் திருத்துவது, 'இதை எப்படிச் செய்வது' என்ற கேள்விகள், புது வசதிகள். புது வசதிகளை ஒதுக்கினால் மாதச் சராசரி 5 மணி நேரம். சர்வர் அப்டேட், பேக்கப் சரிபார்ப்பு ஆகியவற்றுக்கு இன்னும் 3. ஆக, 8 மணி நேரம். அதை என் மணிக் கட்டணத்தால் பெருக்கியதுதான் மாதத் தொகை. அதற்கு மேல் போனால் முன்கூட்டியே சொல்லித் தனிக் கட்டணம். நான் விட்ட பிழையைத் திருத்தும் நேரம் மட்டும் இந்த 8-ஐத் தாண்டினாலும் இலவசம்.

அதிகம் பேசியது பேக்கப் பற்றித்தான். 'தினமும் இரவு பேக்கப்' என்று எழுதியிருந்தேன். "சரி, மாலை 7 மணிக்கு டிஸ்க் போனால்?" என்றார் டாக்டர். அன்றைய பதிவுகள் முழுக்கப் போய்விடும், அதுதான் உண்மை. காலையில் மாற்றிக் கொடுத்த மருந்து அளவு மாலையில் காணாமல் போவதை எந்த டாக்டரும் ஒத்துக்கொள்ள மாட்டார். அதனால் இரவு பேக்கப்போடு, டேட்டாபேஸின் மாற்றப் பதிவுகளை 15 நிமிடத்துக்கு ஒருமுறை வேறொரு கணினிக்கு அனுப்பும் ஏற்பாட்டைச் சேர்த்தேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து தனிச் சர்வரில் மீட்டு, பழைய நோயாளி ஒருவரின் பதிவு முழுதாக வருகிறதா என்று காட்ட வேண்டும் என்பதையும் எழுதினோம். பேக்கப் 'வெற்றி' என்று திரையில் வருவதை மட்டும் நம்பக் கூடாது.

அடுத்து, எந்தக் கோளாறையும் 2 மணி நேரத்தில் சரிசெய்வதாக எழுதச் சொன்னார். அதற்கு நான் சம்மதிக்கவில்லை. பதிவு கவுன்டரே நின்றுபோனால் கிளினிக் நேரத்துக்குள் 30 நிமிடத்தில் வேலையைத் தொடங்குவேன். எப்போது முடியும் என்பது காரணம் தெரிந்த பிறகுதான். பிரின்டரோ இன்டர்நெட்டோ காரணமாக இருந்தால் அது என் கையிலேயே இல்லை. பதிலுக்கு, அன்றைய அப்பாயின்ட்மென்ட் பட்டியல் தினமும் காலையில் தானாகப் பிரின்ட் ஆகும்படி செய்தேன். கணினி நின்றாலும் டோக்கன் நிற்காது.

ஒப்பந்தம் முறிந்தால் சோர்ஸ் கோடு, டேட்டாபேஸ், பாஸ்வேர்டுகள் எல்லாவற்றையும் ஒப்படைப்பேன் என்ற பிரிவை நானே சேர்த்தேன். ஞாயிற்றுக்கிழமை சேவைக்குத் தனித் தொகை போட்டிருந்தேன். அதை மட்டும் அடித்துவிட்டு டாக்டர் கையெழுத்துப் போட்டார்.