பவுடரையும் பாலையும் தனித்தனியாக எழுத வைப்பதற்குள்

டைப் 1 சர்க்கரை உள்ள பிள்ளைகளை வளர்க்கிற அம்மா அப்பாக்களுக்காக இதை எழுதுகிறேன். கார்ப் கணக்கு, இன்சுலின் விகிதம் எல்லாம் உங்களுக்கு அத்துப்படி என்பதால் அதையெல்லாம் விளக்கவில்லை. காலையில் குடிக்கும் ஹார்லிக்ஸ், பூஸ்ட், போர்ன்விட்டா மாதிரியான மால்ட் பாலை மருத்துவமனையின் உணவுப் பதிவில் ஒழுங்காக ஏற்ற வைப்பதற்குள் பட்ட பாட்டை மட்டும் சொல்கிறேன். இன்னும் கோபம் ஆறவில்லை. ஏனென்றால் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு எங்கள் பாப்பாவின் இன்சுலின் அளவையே மாற்றப் பார்த்தார்கள்.

பாப்பாவுக்குக் காலை விகிதம் 15 கிராம் கார்புக்கு 1 யூனிட். அது டிபனுக்குச் சரியாகவே வேலை செய்துகொண்டிருந்தது. எழுந்ததும் குடிக்கும் மால்ட் பாலுக்குப் பிறகு மட்டும், டிபனுக்கு முன்னால் பார்க்கிற அளவு 250-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தது. அவர்கள் கொடுத்த அட்டவணையில் இதற்கு ஒரே ஒரு வரிதான்: ‘ஹெல்த் டிரிங்க், பாலுடன், 1 கப், 15 கிராம்’. எத்தனை ஸ்பூன் பவுடர், எவ்வளவு பால், மேலே சர்க்கரை போட்டீர்களா என்று எதுவும் அதில் கிடையாது. நாங்களும் அட்டவணைப்படி 15 கிராமுக்கு 1 யூனிட் போட்டோம்.

டயட் கவுண்ட்டரில் இருந்த பெண்ணிடம் பவுடருக்கு ஒரு வரி, பாலுக்கு ஒரு வரி என்று எழுதிய நோட்டைக் கொடுத்தேன். புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. “எல்லாரும் ஒரு கப்னுதாம்மா எழுதறாங்க. நீங்க மட்டும் ரெண்டு வரியா எழுதினா கம்ப்யூட்டர்ல எங்க ஏத்தறது?” என்று கேட்டு, இரண்டையும் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு ‘1 கப்’ என்று எழுதினார். கூடவே, “ஹெல்த் டிரிங்க்தானே, அதுல என்ன பெரிசா வந்துடப் போகுது” என்றும் ஒரு வார்த்தை. ஹெல்த் டிரிங்க் என்ற ஒரு வகையே நம் நாட்டு உணவுச் சட்டத்தில் வரையறுக்கப்படவில்லை. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் இந்த மாதிரி பானங்களை அந்தப் பிரிவிலிருந்து எடுக்கச் சொல்லி இணைய விற்பனைத் தளங்களுக்கே அறிவுறுத்தியது. சர்க்கரை நோய்க்கு உணவுத் திட்டம் போடுகிற இடத்தில் இருப்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

அப்புறம் உள்ளே இருந்த உதவி மருத்துவர் அடித்துத் திருத்திய அந்த நோட்டைப் பார்த்தார். 15 கிராமுக்கு 1 யூனிட் போட்டும் 250 வருகிறது, அப்படியானால் விகிதம் போதவில்லை, 8 கிராமுக்கு 1 யூனிட் என்று மாற்றிவிடலாம் என்றார். நோட்டில் எழுதியிருப்பதை நம்பினால் அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் அதே காலை விகிதத்தில்தான் டிபனுக்கும் ஊசி போடுகிறோம். இட்லிக்கு 45 கிராம் கணக்கு வந்தால் இப்போது 3 யூனிட். மாற்றினால் அதே இட்லிக்கு ஐந்தரை யூனிட் கிட்ட வரும். ஸ்கூலுக்குப் போய் முதல் இரண்டு பீரியடுக்குள் குழந்தைக்கு லோ ஆகிவிடும். சீனியர் டயட்டீஷியன் மேடம் பார்க்காமல் எதையும் மாற்ற வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டு, அன்றைக்கு அதோடு கிளம்பி வந்தேன்.

அடுத்த முறை போனால் டப்பாவின் லேபிள் வேண்டும் என்றார்கள். சரி, நியாயமான கேள்வி. வீட்டு டப்பாவையே தூக்கிக்கொண்டு போனேன். அதிலும் ஒரு சிக்கல். கண்ணாடி ஜாடி என்றைக்கோ வாங்கியது. அதில் ரீஃபில் பாக்கெட்டைத்தான் வாங்கிக் கொட்டிக்கொண்டிருக்கிறோம், எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஜாடியில் ஒட்டியிருந்தது பழைய லேபிள், உள்ளே இருந்தது வேறு வகைப் பவுடர். “இது எந்தப் பவுடரோட லேபிள்?” என்று மேடம் கேட்டபோதுதான் கவுண்ட்டரில் எங்களிடம் ‘டப்பா’ கொண்டுவரச் சொன்னார்களே தவிர, ‘ரீஃபில் பாக்கெட்டின் பின்பக்கம்’ என்று யாருமே சொல்லவில்லை என்பது உறைத்தது. அந்தப் பயணமும் வீண். நீங்கள் ரீஃபில் வாங்கினால், ஜாடியில் கொட்டுவதற்கு முன்னாலேயே பின்பக்க அட்டவணையை போனில் போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள்.

அந்த அட்டவணையில் எந்தப் பத்தியைப் பார்க்கிறீர்கள் என்பதும் முக்கியம். ‘100 கிராமுக்கு’ என்ற பத்தி பவுடருக்கு மட்டும். சில பாக்கெட்டுகளில் இன்னொரு பத்தி இருக்கும், அது 200 மி.லி. பாலையும் சேர்த்துப் போட்ட கணக்கு. அதை எடுத்துக்கொண்டு பாலைத் தனியாக இன்னொரு முறை கூட்டினால் பால் இரண்டு தடவை ஏறிவிடும், இன்சுலின் அதிகமாகிவிடும். அதனால் 100 கிராம் பத்தியை மட்டும் பாருங்கள். அதிலும் ‘சேர்க்கப்பட்ட சர்க்கரை’ வரியை விட்டுவிட்டு மொத்த கார்போஹைட்ரேட் வரியை எடுக்க வேண்டும். மால்ட் என்பதே முளைகட்டிய தானியத்தின் மாவுச்சத்து உடைந்து வருவது, அதுவும் ரத்தத்தில் சர்க்கரையாகத்தான் ஏறும். ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்று முன்னால் பெரிய எழுத்தில் போட்ட பாக்கெட்டையும் திருப்பிப் பார்த்தால் கார்ப் கணிசமாகவே இருக்கும். எங்கள் பாக்கெட்டில் 100 கிராமுக்கு 80 கிராம். அதாவது பவுடரின் எடையில் ஐந்தில் நான்கு பங்கு.

இனி ஸ்பூன். இதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர். வீட்டில் டப்பாவுக்குள்ளேயே கிடக்கிற ஸ்பூனை எடுத்துச் சமையல் தராசில் வைத்துப் பார்த்தேன். விளிம்போடு சமமாக வழித்தால் 4 கிராம் வந்தது. குவித்து எடுத்தால் 10. எங்கள் அத்தை டப்பா ஓரத்தில் தட்டாமல் அப்படியே அள்ளுவார்கள், அது 12. மூன்றுக்கும் பெயர் ‘ஒரு ஸ்பூன்’தான்! மழைக்காலத்தில் பவுடர் ஈரம் கோத்துக் கட்டியாகிவிட்டால் அதே ஸ்பூனில் இன்னும் கூட ஏறும். தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது என்பதால் ஒற்றை ஸ்பூனை எடை போடாதீர்கள். டப்பாவைத் தராசில் வைத்து பூஜ்யமாக்கிவிட்டு, நீங்கள் வழக்கமாக எடுப்பது போலவே பத்து ஸ்பூன் எடுத்து ஒரு கிண்ணத்தில் போடுங்கள். மைனஸில் காட்டும் எண்ணைப் பத்தால் வகுத்தால் அதுதான் உங்கள் வீட்டு ஸ்பூன். ஸ்பூனை மாற்றினால் மறுபடியும் போட்டுப் பார்க்க வேண்டும்.

பாலுக்கு வருவோம். டம்ளரின் கொள்ளளவைப் பால் என்று எழுதக் கூடாது. ஆற்றும்போது வரும் நுரையிலேயே டம்ளர் நிறைந்துவிடும். அதோடு முக்கால்வாசி வீடுகளில் அரை லிட்டர் பாக்கெட்டுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றித்தான் காய்ச்சுகிறோம். 500 மி.லி. பாலோடு 150 தண்ணீர் சேர்ந்தால், 150 மி.லி. டம்ளரில் உண்மையான பால் 115 மி.லி.தான். பாப்பாவுடைய பாலில் தண்ணீர் கலக்காமல் தனியாகக் காய்ச்சி, அளவுக் குவளையில் 150 மி.லி. ஊற்றுவது என்று வைத்துக்கொண்டோம். நிறைய பேர் பாக்கெட் நிறத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். ஆவின் நீலத்தில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. ஆனால் பாலில் இருக்கிற லாக்டோஸ் எந்த நிறத்திலும் 100 மி.லி.க்கு 5 கிராமை ஒட்டித்தான் இருக்கும். நிறம் மாறினால் கலோரி மாறும், கார்ப் கணக்கு பெரிதாக மாறாது.

இதையெல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு போனபோது கவுண்ட்டரில் பழையபடியே ஆரம்பித்தார்கள். நான் நகரவில்லை, மேடம் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மேடம் வந்து நோட்டை வாங்கி, தாமே பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டார். பவுடர் இரண்டு ஸ்பூன், 20 கிராம், கார்ப் 16. பால் 150 மி.லி., கார்ப் 7க்குச் சற்றுக் கூட. மேலே போடும் சர்க்கரை ஒரு ஸ்பூன், 5. ஆக மொத்தம் 28. அட்டவணையில் இருந்த 15-க்கும் இதற்கும் 13 கிராம் வித்தியாசம், கிட்டத்தட்ட ஒரு யூனிட் இன்சுலின். “விகிதத்துல தப்பே இல்லையே, சாப்பாட்டுக் கணக்குலதானே தப்பு இருக்கு” என்று அந்த உதவி மருத்துவரைக் கூப்பிட்டுச் சொன்னார். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. கம்ப்யூட்டரில் இடமில்லை என்றார்களே, மேடம் சொன்னதும் பவுடர், பால், சர்க்கரை என்று மூன்று வரியாக ஏற்றினார்கள். இடம் இருக்கத்தான் செய்தது.

விகிதத்தைத் தொடவில்லை. சர்க்கரையை நிறுத்தச் சொன்னார், மீதி 23 கிராமுக்கு ஒன்றரை யூனிட், அரை யூனிட் பேனாவில். டிபனுக்கு முந்தைய அளவு இப்போது அவர்கள் சொன்ன எல்லைக்குள் வருகிறது. (இது எங்கள் பிள்ளைக்கு மருத்துவர் சொன்ன அளவு. உங்கள் பிள்ளைக்கு உங்கள் மருத்துவர் சொல்வதுதான்.)

தனித்தனியாக எழுதுவதில் இன்னொரு வசதி இருக்கிறது. எது கூடினால் எவ்வளவு கூடும் என்பது உடனே தெரிகிறது. பால் 50 மி.லி. அதிகமானால் இரண்டரை கிராம்தான். குவித்த ஸ்பூன் ஒன்று அதிகமானால் 8 கிராம். இதை அத்தையிடம் எழுதிக் காட்டிய பிறகு அவர்கள், “பாலை வேணா கூட ஊத்திக்கிறேன், மாவை நீயே போட்டுடு” என்று சொல்லிவிட்டார்கள். இப்போது நான் ராத்திரியே 20 கிராம் எடை போட்டுச் சின்ன மூடி டப்பாவில் வைத்துவிடுகிறேன். ஊருக்குப் போகும்போதும் அந்தச் சின்ன டப்பாக்கள்தான் கூட வரும், யார் வீட்டு ஸ்பூனையும் நம்ப வேண்டியதில்லை.

கலக்கும் விதத்தையும் பாருங்கள். சூடான பாலில் மொத்தப் பவுடரையும் ஒரேயடியாகக் கொட்டினால் அடியில் கட்டி நின்றுவிடும். பாப்பா மேலே இருப்பதைக் குடித்துவிட்டு வைத்துவிடுவாள், எழுதியதில் பாதி டம்ளரிலேயே ஒட்டியிருக்கும், ஊசி மட்டும் முழுசாகப் போயிருக்கும். முதலில் கொஞ்சம் வெந்நீரில் குழைத்துவிட்டு அப்புறம் பாலை ஊற்றி ஆற்றினால் அடியில் தங்காது. அப்படியும் மிச்சம் வைத்தால் அதை நோட்டில் எழுதிவிட்டு, அடுத்த ஒரு மணி நேரம் மீட்டரைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறேன்.

கடைசியாக, லோ ஆகும்போது மட்டும் இதைக் கொடுக்காதீர்கள். ‘இனிப்புதானே’ என்று சொந்தக்காரர்கள் முதலில் இதைத்தான் கலக்க ஓடுவார்கள். பாலில் இருக்கும் கொழுப்பும் புரதமும் சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். அந்த நேரத்தில் குளுக்கோஸோ தண்ணீரில் கரைத்த சர்க்கரையோ மருத்துவர் சொன்ன அளவில் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நாங்கள் ஸ்கூல் டீச்சரிடம் இதை ஒரு தாளில் எழுதியே கொடுத்திருக்கிறோம்.