கூடலூரிலிருந்து வந்த ஒரு படம்: மலப் பரிசோதனைக் குறிப்புகள்

ஜூன் 11, குன்னூர்

கூடலூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட மருந்தகத்திலிருந்து கைப்பேசியில் எடுத்த படம் ஒன்று வந்திருக்கிறது. ஐபீஸின் மேல் கைப்பேசியை வைத்து எடுத்தது. நடுவில் நீள்வட்டமாக ஒன்று, அதன் வலப்பக்கம் சிறு வட்டம் ஒன்று, ஓரத்தில் முக்கோணமாக இன்னொன்று. "இது என்ன முட்டை சார்?" என்று கேள்வி.

படத்தைப் பெரிதாக்கி, சுற்றிலும் வெட்டி அனுப்பியிருக்கிறார்கள். தெளிவாகத் தெரியட்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் வெட்டிய படத்தில் அளவு போய்விடுகிறது. 65 மைக்ரான் புழு முட்டையும், அமீபா போன்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணி உறைக்குள் அடங்கிய 12 மைக்ரான் சிஸ்டும் திரையில் ஒரே பருமனில் நிற்கும். வடிவத்தை மட்டும் பார்த்துப் பெயர் சொல்லக் கூடாது.

திருப்பிக் கேட்டவை: வெட்டாத படம், எந்த ஆப்ஜெக்டிவ், சலைனா அயோடினா, மலம் கழித்து எத்தனை மணி நேரம் கழித்து ஸ்லைடு போட்டது. கூடவே, அதே மைக்ராஸ்கோப்பில், அதே 40 ஆப்ஜெக்டிவில், அதே கைப்பேசியை ஜூம் செய்யாமல் வைத்து நியூபாவர் சேம்பரின் கோடுகளை ஒரு படம்.

ஜூன் 12

அளவுகோல் ஸ்லைடு மருந்தகங்களில் இருக்காது. ரத்த அணு எண்ணும் நியூபாவர் சேம்பர் அநேகமாக இருக்கும். அதன் நடுச்சதுரத்தில் உள்ள ஆகச் சிறிய கட்டத்தின் ஒரு பக்கம் 0.05 மில்லிமீட்டர், அதாவது 50 மைக்ரான். இந்த வேலைக்கு அது போதும்.

வந்த படத்தில் அந்தச் சிறிய கட்டம் 300 பிக்சல் அகலம். ஆக ஒரு மைக்ரானுக்கு 6 பிக்சல். நீள்வட்டம் 384க்கு 228 பிக்சல். ஆறால் வகுத்தால் 64க்கு 38 மைக்ரான். சிறு வட்டம் 108 பிக்சல், 18 மைக்ரான். முக்கோணம் சுமார் 22 மைக்ரான்.

இரண்டு எச்சரிக்கைகள். சாட்டில் சாதாரணப் படமாக அனுப்பினால் பிக்சல்கள் சுருங்கிவிடும். ஒன்று சுருங்கி மற்றொன்று சுருங்காவிட்டால் கணக்கு முழுவதும் தப்பு. இரண்டையும் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்ல வேண்டும். இன்னொன்று, வட்டப் பார்வையின் விளிம்பில் உருவம் சற்று இழுபடும். அளக்க வேண்டியதை ஸ்டேஜை நகர்த்தி நடுவுக்குக் கொண்டுவந்து எடுக்க வேண்டும்.

ஜூன் 13

நீள்வட்டம் சலைனில் எடுத்தது. ஓடு ஒற்றைக் கோடாக, மெல்லியதாக, நிறமற்று இருக்கிறது. உள்ளே நான்கு செல்கள் தெளிவு. ஐந்தாவது அடியில் மங்கலாகத் தெரிகிறது. செல் கூட்டத்துக்கும் ஓட்டுக்கும் நடுவே கண்ணாடிபோல் வெற்றிடம். 64க்கு 38 என்ற அளவும் பொருந்துகிறது. கொக்கிப்புழு முட்டை.

இதோடு குழப்பிக்கொள்ளப்படுவது வெளியுறை உரிந்த உருண்டைப்புழு முட்டை. மேல்பக்கத்துக் கரடுமுரடான பழுப்பு உறை போய்விட்டால் அதுவும் வழவழப்பாக, வெளிறித் தெரியும். அளவும் கிட்டத்தட்ட இதேதான். ஓட்டைப் பார்த்தால் பிரித்துவிடலாம். உருண்டைப்புழுவின் ஓடு தடிப்பானது. ஃபோகஸை லேசாகத் திருப்பினால் உள்விளிம்பு, வெளிவிளிம்பு என்று இரண்டு கோடு தெரியும். தவிர, புதிய மலத்தில் அது பிளவுபடாத ஒரே செல்லாக இருக்கும். சாட்டைப்புழுவுக்கு இந்தக் குழப்பமே கிடையாது, இரு முனையிலும் அடைப்பு தெரியும்.

நேரம் கேட்டதற்குக் காரணம் உண்டு. கொக்கிப்புழு முட்டை வெளியே வந்த பிறகும் வளரும். வெதுவெதுப்பான இடத்தில் ஒரு நாள் கிடந்தால் உள்ளே லார்வா சுருண்டிருக்கும், பொரித்தும் வெளிவரலாம். அப்போது ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்ற இன்னொரு குடற்புழுவின் லார்வாவோ என்ற சந்தேகம் வந்துவிடும். அதற்கு வாய்க்குழியைப் பார்க்க வேண்டும்: கொக்கிப்புழு லார்வாவில் அது நீளம், ஸ்ட்ராங்கிலாய்டிஸில் குட்டை. ஊட்டிக் குளிரில் இந்த வளர்ச்சி மெதுவாகும். ஆகவே செல் எண்ணிக்கையை வைத்து மாதிரியின் வயதைக் கணிக்கக் கூடாது. இங்கே மூன்று மணி நேரத்துக்குள் போட்ட ஸ்லைடு என்கிறார்கள், பிரச்சினை இல்லை.

ஜூன் 15

சிறு வட்டம்தான் கஷ்டம். சலைன் படத்தில் பளபளக்கும் வளையம், அவ்வளவே. காற்றுக்குமிழி, கொழுப்புத் துளி, சிஸ்ட் மூன்றும் அப்படித்தான் தெரியும். குமிழிக்குக் கறுத்துத் தடித்த விளிம்பு, உள்ளே ஒன்றும் இராது. கொழுப்புத் துளிகள் ஆளுக்கொரு அளவில் இருக்கும், அயோடின் ஏறாது.

அயோடின் ஸ்லைடு கேட்டேன். முதலில் வந்த படத்தில் எல்லாமே கரும்பழுப்பு, மலத் துணுக்குகள் கட்டிகட்டியாகத் திரண்டிருந்தன. லுகால்ஸ் அயோடினை நீர்க்காமல் ஊற்றினால் இப்படித்தான் ஆகும். சுமார் ஐந்து மடங்கு நீர்த்து, ஒரு துளி போட்டு, தீக்குச்சி நுனியில் ஒட்டும் அளவு மலம் கலந்தால் போதும். கவர் ஸ்லிப் மூடியபின் ஸ்லைடை அச்சிட்ட தாள்மேல் வைத்தால் எழுத்தைப் படிக்க முடிய வேண்டும். முடியாவிட்டால் தடிப்பு அதிகம்.

படத்துக்குப் பதில் பத்து விநாடி வீடியோ எடுக்கவும் சொன்னேன். நுண்சரிசெய்யும் திருகை மெதுவாகத் திருப்பிக்கொண்டே எடுக்க வேண்டும். சிஸ்ட் ஓர் உருண்டை; நியூக்ளியஸ்கள் வெவ்வேறு ஆழத்தில் கிடக்கும். ஒற்றைப் படம் ஓர் ஆழத்தை மட்டும் காட்டும். அதில் மூன்றோ நான்கோ எண்ணிவிட்டு, சீதபேதி தரும் அமீபாவான "ஹிஸ்டோலிடிகா" என்று எழுதும் ரிப்போர்ட்டுகள் ஏராளம்.

ஜூன் 16

வீடியோ வந்தது. மேல் ஆழத்தில் மூன்று நியூக்ளியஸ் வளையங்கள். கீழே இறங்க இறங்க அவை மங்கி, வேறிடங்களில் மேலும் மூன்று தெளிகின்றன. குறைந்தது ஆறு. முதிர்ந்த ஹிஸ்டோலிடிகா சிஸ்டில் நான்குக்கு மேல் இருக்காது; அதன் தீங்கற்ற உறவான எண்டமீபா கோலையில் எட்டு வரை போகும். எட்டையும் காண வேண்டியதில்லை, ஐந்தாவது உறுதியானாலே முடிவுக்கு வந்துவிடலாம். 18 மைக்ரான் அளவும் அதற்கு ஒத்துவருகிறது. ஆனால் அளவை மட்டும் நம்ப முடியாது, இரண்டின் அளவுகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். எண்டமீபா கோலை. குடலில் சும்மா குடியிருப்பது, மருந்து தேவையில்லை.

நான்கே இருந்திருந்தால் "ஹிஸ்டோலிடிகா அல்லது டிஸ்பார்" என்றுதான் எழுத முடியும். நோய் தராத டிஸ்பாரின் சிஸ்டும் ஹிஸ்டோலிடிகாவின் சிஸ்டும் பார்வைக்கு ஒன்றே. பிரிக்க ஆன்டிஜென் அல்லது பிசிஆர் வேண்டும்.

ஜூன் 18

முக்கோணம் பற்றி மறுபடி கேட்டிருக்கிறார்கள். மூன்று மூலையிலும் துளை, நடுவில் வேறெதுவும் இல்லை: யூகலிப்டஸ் மகரந்தம். மகரந்தத்தின் வெளிச்சுவர் செரிமானத்தில் கரையாது, ஆகவே தேன் சாப்பிட்டவரின் மலத்தில் முழுசாகவே வரும்.

நீலகிரியில் இதைவிட ஏமாற்றுவது சீகை மரத்தின், அதாவது வாட்டிலின் மகரந்தம். பதினாறு மணிகள் ஒட்டிய உருண்டை. உருண்டைப்புழு முட்டையின் மேடுபள்ளமான விளிம்பை அப்படியே காட்டும், அளவும் அருகில் வரும். முட்டையில் மேடுகள் வெளியுறையில் மட்டும். உள்ளே ஒரு தடித்த ஓடு, அதற்குள் ஒரே செல். சீகையில் பிரிவுக் கோடுகள் உருண்டையின் நடுவரை ஓடும்.

ஜூன் 19

அனுப்பிய பதில்: "கொக்கிப்புழு முட்டை காணப்பட்டது. எண்டமீபா கோலை சிஸ்ட் காணப்பட்டது. முக்கோண உரு மகரந்தம்." கொக்கிப்புழுவின் இரு வகைகளில் இது நெகேட்டரா ஆன்சைலோஸ்டோமாவா என்று எழுதவில்லை, முட்டையை வைத்து அதைச் சொல்ல முடியாது. "ஜியார்டியா இல்லை" என்றும் எழுதவில்லை; வயிற்றுப்போக்கு தரும் அந்த ஒட்டுண்ணியின் சிஸ்ட் விட்டுவிட்டு வரும். வயிற்றுப்போக்கு தொடர்ந்தால் ஒரு நாள் இடைவெளி விட்டு மூன்று மாதிரி பார்க்கச் சொல்லியிருக்கிறது. ஹீமோகுளோபினையும் பார்க்கச் சொன்னேன், கொக்கிப்புழு ரத்தம் குடிப்பது.