98 சதவீதத் துல்லியம்: வீட்டிலிருந்து டேட்டா என்ட்ரி வேலை தேடுபவர்கள் போட வேண்டிய ஒரு கணக்கு

என் சித்தி மகள் பி.காம் முடித்துவிட்டு வீட்டிலிருந்தே செய்கிற மாதிரி டேட்டா என்ட்ரி வேலை தேடிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் வாட்ஸ்அப்பில் எனக்கு ஒரு ஒப்பந்த பிடிஎஃப் அனுப்பினாள். 500 படிவங்கள், 5 நாள், படிவத்துக்கு 30 ரூபாய், துல்லியம் குறைந்தது 98 சதவீதம். முன்பணம் எதுவும் கேட்கவில்லை. ஆதார் நகலும் கையெழுத்தும் மட்டும் போதுமாம். "பணமே கேட்கலையே அக்கா, அப்போ உண்மையான வேலைதானே? 98 சதவீதம்னா நான் பார்த்துப் பார்த்து அடிச்சுடுவேன்" என்றாள்.

பதிவுக் கட்டணம் கேட்டால் மோசடி என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே பலர் கட்டணம் கேட்பதை விட்டுவிட்டார்கள். பணம் பறிக்கும் இடம் இப்போது ஒப்பந்தத்துக்குள், அந்தத் துல்லிய விதியில் இருக்கிறது. நான் டைப்ரைட்டிங் ஹையர் முடித்து, மத்திய அரசுப் பணிக்கான எஸ்எஸ்சி திறன் தேர்வுக்குப் பயிற்சி எடுத்து, அப்புறம் சில வருடங்களாகப் படிவங்களை உள்ளிடும் வேலையே செய்து வருகிறேன். அந்தப் பழக்கத்தில் நான் முதலில் பார்த்தது 98 என்ற எண்ணை அல்ல. எதில் 98 என்பதைத்தான்.

அவளுக்கு வந்த மாதிரிப் படிவத்தில் 25 கட்டங்கள் இருந்தன. பெயர், முகவரி, பிறந்த தேதி, ஏதோ ஒரு பாலிசி எண், கடன் தொகை என்று மொத்தம் ஏறக்குறைய 400 விசை அழுத்தங்கள். 500 படிவங்களுக்கு 12,500 கட்டங்கள், 2 லட்சம் அழுத்தங்கள். 98 சதவீதத்தை அழுத்தக் கணக்கில் எடுத்தால் 4,000 பிழை வரை விடலாம். கட்டக் கணக்கில் எடுத்தால் 250 கட்டம் வரை தவறலாம். படிவக் கணக்கில் எடுத்தால் 10 படிவத்தில் மட்டுமே பிழை இருக்கலாம். எண் ஒன்றுதான். ஆனால் 4,000, 250, 10 மூன்றும் வேறு வேறு வேலைகள்.

ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தில், ஒரு படிவத்தில் ஒரு பிழை இருந்தாலும் அந்தப் படிவம் முழுவதும் நிராகரிக்கப்படும் என்று சிறிய எழுத்தில் இருந்தது. அதாவது மூன்றாவது கணக்கு. ஆயிரம் அழுத்தத்துக்கு ஒரே ஒரு பிழை விடுகிறவர் நல்ல தட்டச்சர். அவர் 400 அழுத்தப் படிவத்தைப் பிழையே இல்லாமல் முடிக்கும் வாய்ப்பு சுமார் 67 சதவீதம்தான். 98 சதவீதப் படிவங்கள் சுத்தமாக வர வேண்டுமானால் 20,000 அழுத்தத்துக்கு ஒரு பிழை என்ற அளவில் அடிக்க வேண்டும். சரிபார்ப்புக்கு வேறு ஆள் இல்லாமல், தனி ஆளாக, 5 நாளில் இதை யாரும் செய்வதில்லை. பல வருடம் இதே வேலை செய்கிறவர்களும்தான்.

நேரக் கணக்கும் அப்படித்தான். நாளுக்கு 100 படிவம் என்றால் 40,000 அழுத்தம். மங்கலான ஸ்கேனைப் பார்த்து, கட்டம் விட்டுக் கட்டம் தாவி அடிக்கும் புதியவருக்கு மணிக்கு 5,000 வந்தாலே நல்லது. அப்போது எட்டு மணி நேரம் கை நிற்காமல் ஓட வேண்டும். திரும்பிப் பார்க்க நேரமே இல்லை. பார்க்காவிட்டால் துல்லியம் போகும், பார்த்தால் கெடு போகும்.

போதாததற்கு விதிகளும் வேண்டுமென்றே தெளிவில்லாமல் இருந்தன. மூலப் படிவத்தில் ஊர்ப் பெயர் தவறாக இருந்தால் இருப்பதை அப்படியே அடிப்பதா, திருத்துவதா? சொல்லவில்லை. ஒரு இடைவெளி கூடினால் பிழையா? "ஆம்" என்று இருந்தது. ஆனால் மூலத்தில் இருப்பது ஒரு இடைவெளியா இரண்டா என்பது அந்தப் படத்தில் தெரியவே தெரியாது. எப்படி அடித்தாலும் தவறு என்று சொல்ல அவர்களுக்கு வழி இருக்கிறது.

சரி, தோற்றால் என்ன ஆகும்? அதே ஒப்பந்தத்தில் "சர்வர் பராமரிப்புச் செலவு" என்று சில ஆயிரம் ரூபாய் அபராதம் எழுதியிருந்தது. தர அறிக்கையில் 60, 70 சதவீதம் என்று வரும். அடுத்த நாள் வக்கீல் நோட்டீஸ் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஒரு தாள் வரும். கேஸ், போலீஸ், சிபில் ஸ்கோர் என்று போனில் மிரட்டுவார்கள். அவர்களுடைய வருமானமே அந்த அபராதம்தான். அடித்துக் கொடுத்த தரவை வாங்க யாருமே இல்லை. யோசித்துப் பாருங்கள், 5 நாளுக்கு 15,000 ரூபாய். எஸ்எஸ்சியின் சிஎச்எஸ்எல் தேர்வு மூலம் மத்திய அரசில் டேட்டா என்ட்ரி ஆபரேட்டராகச் சேர்பவரின் தொடக்க அடிப்படைச் சம்பளம், லெவல் 4-இல், மாதம் 25,500 ரூபாய். முகம் தெரியாத ஒருவருக்கு இவர்கள் ஏன் அதைவிட வேகமாகப் பணம் தரப் போகிறார்கள்?

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டு நோட்டீஸ் வாங்கியவர்களும் இதைப் படிக்கலாம். வக்கீல் நோட்டீஸ் நீதிமன்ற உத்தரவு அல்ல. தட்டச்சு வேலையைச் சரியாக முடிக்காதது குற்றவழக்கும் அல்ல. அது அதிகபட்சம் சிவில் விஷயம். அதிலும் 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் எழுதிய அபராதத் தொகை அப்படியே கிடைத்துவிடாது. அந்தத் தொகைக்கு மேற்படாமல், நியாயமான இழப்பீடு எவ்வளவு என்பதை நீதிமன்றம்தான் முடிவு செய்யும். பணம் கட்டாதீர்கள். ஒருமுறை கட்டினால் அடுத்த "கட்டணம்" வரும். உரையாடல், ஒப்பந்தம், போன் எண் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு cybercrime.gov.in தளத்தில் புகார் கொடுங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள். நோட்டீஸை யாரிடமாவது காட்ட வேண்டும் என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. அதற்கான உதவி எண் 15100.

உண்மையான வேலை எப்படி இருக்கும்? நான் பார்த்தவரை முதல் அடையாளம், ஒரு விதிக் கையேடு. தேதியை DD-MM-YYYY என்று அடிக்க வேண்டுமா, படிக்க முடியாத எழுத்துக்கு என்ன குறி போட வேண்டும், மூலத்தில் பிழை இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பக்கம் பக்கமாக இருக்கும். தரவு உண்மையிலேயே ஒருவருக்குத் தேவைப்படுகிறது என்றால், இந்தக் கேள்விகளுக்கு அவரிடம் பதில் இருந்தே ஆக வேண்டும். முக்கியமான வேலைகளில் ஒரே படிவத்தை இருவர் தனித்தனியாக அடிப்பார்கள். இரண்டும் ஒத்துப்போகாத கட்டத்தை மூன்றாவது ஆள் மூலத்தோடு பார்ப்பார். மனிதர் பிழை விடுவார் என்று தெரிந்தே அமைத்த முறை அது. பிழை வந்தால் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். தொடர்ந்து வந்தால் வேலை தருவதை நிறுத்துவார்கள். அபராதம் கேட்க மாட்டார்கள்.

இன்னொன்று, மருத்துவ, காப்பீட்டு, வங்கிப் படிவங்களை முன்பின் தெரியாத ஒருவரின் லேப்டாப்புக்கு ஜிப் கோப்பாக யாரும் அனுப்ப மாட்டார்கள். பெரும்பாலும் அவர்களுடைய சர்வருக்குள் நுழைந்து, நகலெடுக்க முடியாத திரையில் அடிக்க வேண்டியிருக்கும். சில மாதம் அலுவலகத்தில் வேலை பார்த்த பிறகே வீட்டிலிருந்து செய்ய விடுகிற இடங்களும் உண்டு. முதல் நாளிலேயே வீட்டிலிருந்து வேலை என்பது புதியவருக்கு அரிதுதான். கேட்க நன்றாக இல்லை, ஆனால் நிலைமை அதுதான்.

உத்யம் என்ற சிறுதொழில் பதிவுச் சான்றிதழ், ஐஎஸ்ஓ சான்றிதழ் எல்லாம் காட்டுவார்கள். உத்யம் சுய அறிவிப்பில் கிடைப்பது. அதை வைத்து நம்ப வேண்டாம். ஜிஎஸ்டி எண்ணைக் கேட்டு ஜிஎஸ்டி தளத்தில் தேடுங்கள். முதல் இரண்டு இலக்கம் மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. சென்னை நிறுவனம் என்று சொல்லிவிட்டு 24 என்று தொடங்கும் எண் கொடுத்தால் அது குஜராத். எண் சரியாக இருந்தாலும் வேலை உண்மை என்று ஆகிவிடாது. வேறொருவருடைய எண்ணாகவும் இருக்கலாம். பொய்யைப் பிடிக்கத்தான் இந்தச் சோதனை உதவும்.

இனி உங்கள் எண்கள். எஸ்எஸ்சி திறன் தேர்வில் சாதாரண டேட்டா என்ட்ரி பணிக்கு மணிக்கு 8,000 அழுத்தம் கேட்கிறார்கள். ஐந்து அழுத்தம் ஒரு சொல் என்று கொண்டால் நிமிடத்துக்கு 27 சொல்தான். கேட்க எளிது. ஆனால் அது அச்சிட்ட பத்தியைப் பார்த்து 15 நிமிடம் அடிப்பது. டைப்ரைட்டிங் லோயரின் 30 சொல்லும் அப்படித்தான். கையெழுத்துப் படிவத்துக்கு வந்தால் வேகம் பாதியாகக் குறைவது சகஜம். அதனால் முதல் மாதம் மணிக்கு 4,000 முதல் 5,000 அழுத்தம், திரும்பிப் பார்த்த பிறகு கட்டக் கணக்கில் 99 சதவீதம் வந்தால் போதும் என்பேன். மூன்று மாதத்தில் 6,000 முதல் 7,000, கட்டக் கணக்கில் 99.5. துல்லியம் 99-ஐத் தொடும் வரை வேகத்தை நான் பொருட்படுத்துவதே இல்லை. ஒரு பிழையைத் தேடித் திருத்தும் நேரத்தில் நான்கைந்து கட்டம் அடித்துவிடலாம்.

இதை நீங்களே அளக்கலாம். 25 கட்டம் உள்ள 20 படிவங்களை எக்செலில் `Sheet1`-இல் அடியுங்கள். முதல் நெடுவரிசையில் படிவ எண், B முதல் Z வரை கட்டங்கள். முதல் வரிசை தலைப்புக்கு. அடிக்கும் முன் `Sheet1`, `Sheet2` இரண்டிலும் எல்லாக் கலங்களையும் டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் எண்ணின் முன்னால் உள்ள பூஜ்யத்தை எக்செல் விழுங்கிவிடும், 3-4 என்ற வீட்டு எண்ணைத் தேதியாக்கிவிடும். இரண்டு நாள் கழித்து, முதலில் அடித்ததைப் பார்க்காமல் அதே படிவங்களை `Sheet2`-இல் அடியுங்கள். `Sheet3`-இன் B2-வில் இதைப் போட்டு Z21 வரை இழுங்கள்:

```
=IF(EXACT(Sheet1!B2,Sheet2!B2),0,1)
```

1 என்று வந்த ஒவ்வொரு கட்டத்தையும் மூலத்தோடு ஒப்பிட்டு, முதல் தாளில் தவறியவற்றை மட்டும் எண்ணுங்கள். மொத்தம் 500 கட்டம், ஐந்து தவறினால் 99 சதவீதம். ஒரு எழுத்தை இரண்டு முறையும் ஒரே மாதிரி தவறாகப் படித்திருந்தால் இந்த முறை அதைப் பிடிக்காது. அதற்கு வேறொருவர் அடித்துக் கொடுக்க வேண்டும்.

பிழைகளை வகை பிரித்து எழுதி வையுங்கள். 1-க்கும் 7-க்கும் குழப்பம், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறுவது, நாளும் மாதமும் மாறுவது, கடைசியில் ஒட்டிக்கொள்ளும் இடைவெளி என்று பெரும்பாலும் நான்கைந்து வகைக்குள் அடங்கிவிடும். எண் கட்டங்களில்தான் அதிகம் தவறுகிறது என்றால் நம்பர் பேடில் பார்க்காமல் அடிக்கும் பயிற்சியைத் தினமும் கால் மணி நேரம் தனியாகச் செய்யுங்கள். பெயர்க் கட்டங்களில் தவறினால் பயிற்சி விரலுக்கு அல்ல, கையெழுத்தைப் படிக்கும் கண்ணுக்கு.