குறைமாதப் பிள்ளைக்கு வயதை எந்த நாளிலிருந்து எண்ணுவது: எங்கள் அனுபவம்

என் மகன் பிறக்க வேண்டிய நாள் ஆகஸ்ட் 11. பிறந்தது ஜூன் 9, அதாவது ஒன்பது வாரம் முன்னால். இன்குபேட்டர், டியூப் வழியாகப் பால், பிறந்த 30 நாளுக்குள் செய்யவேண்டிய விழித்திரைப் பரிசோதனை எல்லாம் ஆஸ்பத்திரியிலேயே ஒழுங்காக முடிந்தன. ஜூலை நடுவில் 1.8 கிலோ எடையோடு தஞ்சாவூரில் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். அப்புறம்தான் அலைச்சல் தொடங்கியது. எல்லாமே அவன் வயதைக் கணக்குப் பார்ப்பதில் வந்த அலைச்சல்.

டிஸ்சார்ஜ் அன்று டாக்டர் சொன்னது இது: "ரெண்டு வயசு வரைக்கும் இவனுக்கு கரெக்டட் ஏஜ்தான் பாக்கணும். முன்னாடி பிறந்த வாரத்தைக் கழிச்சுட்டுப் பாருங்க." நான் அதை எல்லாவற்றுக்கும் என்று எடுத்துக்கொண்டதுதான் முதல் தப்பு. ஆறாவது வாரத் தடுப்பூசி ஜூலை 21 அன்று போட்டிருக்க வேண்டும். நான் அதற்கும் முன்னால் பிறந்த வாரத்தைக் கழித்துப் பார்த்து, செப்டம்பரில் போட்டால் போதும் என்று இருந்துவிட்டேன். ஆகஸ்ட் மூன்றாவது வாரம் வீட்டுக்கு வந்த நர்சம்மா அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இன்னும் ஒரு ஊசியும் போடலையா?" என்று கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது. தடுப்பூசிக்குப் பிறந்த தேதிதான் கணக்கு. வாரம் கழிக்கவே கூடாது. கக்குவான் இருமல் மாதிரி நோய்கள் குறைமாதப் பிள்ளைகளைத்தான் அதிகமாக வாட்டும். மறுநாளே போய்ப் போட்டோம். ஆனாலும் நாலு வாரம் அவனைப் பாதுகாப்பில்லாமல் வைத்திருந்தேன் என்பது இன்றைக்கும் மனதை அறுக்கிறது. கண் பரிசோதனைக்கும் முதல் கெடுவைப் பிறந்த நாளிலிருந்துதான் எண்ணுகிறார்கள். கழித்துப் பார்ப்பது வளர்ச்சிக்கும், எடை, உயரம், தலைச்சுற்றளவு இவற்றுக்கும்தான்.

அடுத்தது சிரிப்பு. முகம் பார்த்துச் சிரிப்பது ஆறிலிருந்து எட்டு வாரத்தில் வரும் என்பார்கள். ஆகஸ்டில் இவனுக்கு இரண்டு மாதம் நிறைந்தபோது, "பிள்ளை முகமே பாக்க மாட்டேங்குறானே" என்று அத்தை கவலைப்பட ஆரம்பித்துவிட்டார்கள். கழித்துப் பார்க்கணும் அத்தை என்று சமாதானம் சொன்னேன். ஆனால் டிஸ்சார்ஜ் தாளில் 33 வாரத்தில் பிறந்ததாகப் போட்டிருந்தது. அந்தக் கணக்குப்படி ஜூலை 28-தான் பிறக்க வேண்டிய நாள். அதிலிருந்து எட்டு வாரம் என்றால் செப்டம்பர் 22. அந்த நாளும் போனது, சிரிப்பு வரவில்லை. அன்று ராத்திரி முழுக்க அவன் கண்ணுக்கு நேரே கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் குழந்தை டாக்டரிடம் ஓடினோம். அவர் தாளைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "முதல் ஸ்கேன் எங்கே?"

எனக்கு மாதவிலக்கு எப்போதுமே தள்ளித்தள்ளித்தான் வரும். ஆஸ்பத்திரியில் கடைசி மாதவிலக்குத் தேதியான அக்டோபர் 21-ஐ வைத்து 33 என்று எழுதிவிட்டார்கள். சுழற்சி நீளமாக இருந்தால் கரு தங்குவதும் தாமதமாகும், அந்தத் தேதிக் கணக்கு கருவின் வயதைக் கூட்டிக் காட்டும். முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேனில் கருவின் நீளத்தை அளந்து சொல்வதுதான் நம்பகமானது. இரண்டுக்கும் ஒரு வாரத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஸ்கேன் தேதியைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். என் முதல் ஸ்கேன் மன்னார்குடியில் அம்மா வீட்டில் இருந்தபோது எடுத்தது. அப்பா பீரோவைக் குடைந்து எடுத்துவந்தார். ஒட்டியிருந்த படம் வெளிறிப்போய்க் கறுப்பும் மஞ்சளுமாக இருந்தது. நல்லவேளை, டைப் அடித்த தாள் அப்படியே இருந்தது. மாதவிலக்குக் கணக்கில் 9 வாரம் 5 நாள் ஆகியிருந்த அன்று, ஸ்கேனில் 7 வாரம் 5 நாள். சரியாக 14 நாள் வித்தியாசம். பிறக்க வேண்டிய நாள் ஆகஸ்ட் 11. அப்படியென்றால் அவன் பிறந்தது 33-இல் இல்லை, 31-இல்.

செப்டம்பர் 27 காலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும்போது என்னைப் பார்த்துச் சிரித்தான். பிறந்து மூன்றரை மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆகஸ்ட் 11-லிருந்து எண்ணினால் 6 வாரம் 5 நாள். கணக்குத் தப்பாமல் வந்த சிரிப்பு அது.

அந்த 33-ஐத் திருத்தி வாங்கலாம் என்று ஆஸ்பத்திரி ரெக்கார்ட் செக்‌ஷனுக்கு இரண்டு தடவை போனோம். முதல் தடவை ஸ்கேன் ஒரிஜினல் வேண்டும் என்றார்கள். கொண்டுபோனால், கொடுத்த சம்மரியை மாற்ற முடியாது என்று அந்தக் கிளார்க் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார். கடைசியில் எங்கள் குழந்தை டாக்டரே தாய் சேய் அட்டையில் முன்பக்கத்தில் சிவப்பு மையால் "பிறக்க வேண்டிய நாள் ஆகஸ்ட் 11, 31 வாரம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். டிஸ்சார்ஜ் ஆகும்போதே இந்த எண்ணைச் சரிபாருங்கள். அப்புறம் மாற்றுவது பெரும்பாடு.

அந்தச் சிவப்பு எழுத்து டிசம்பரில் உதவியது. ஆறு மாதம் நிறைந்த அன்று ஒரு இடத்தில் வளர்ச்சிப் பரிசோதனைக்குக் காட்டினோம். அங்கிருந்தவர் பிறந்த தேதியை மட்டும் பார்த்துவிட்டு, குப்புற விழவில்லை, உட்கார வைத்தால் சாய்கிறான், வளர்ச்சித் தாமதம் என்று எழுதி, மூன்று மாதப் பயிற்சிக்கு முன்பணம் கட்டச் சொன்னார். நான் அட்டையைத் திருப்பிக் காட்டினேன். அன்றைக்கு அவனுக்கு 26 வாரம். அதில் ஒன்பதைக் கழித்தால் 17. நாலு மாதக் குழந்தை! கழுத்து நன்றாக நிற்கிறது, கையை விரித்துத் துணியைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோகிறான். நாலு மாதத்துக்கு அவ்வளவுதானே வேண்டும். பணம் கட்டாமல் வந்துவிட்டோம். குழந்தை டாக்டரும் பார்த்துவிட்டுப் பயிற்சி எதுவும் தேவையில்லை என்றார்.

வாரத்தை நாலால் வகுத்து மாதம் ஆக்காதீர்கள். என் வீட்டுக்காரர் அப்படித்தான் போட்டார். 52 வாரத்தை நாலால் வகுத்தால் 13 மாதம் வந்து நிற்கும், பிள்ளைக்கு ஒரு மாதம் சும்மா கூடிவிடும். காலண்டரில் பிறக்க வேண்டிய தேதியை வட்டம் போட்டுவிட்டு, அங்கிருந்து மாதம் மாதமாக எண்ணுங்கள். கழித்தலே வேண்டாம். எங்களுக்கு ஒவ்வொரு மாதமும் 11-ஆம் தேதிதான் கணக்கு. குப்புற விழுந்தது ஜனவரி நடுவில், அதாவது ஐந்து மாதத்தில். பிடிக்காமல் உட்கார்ந்தது மார்ச் நடுவில், ஏழு மாதத்தில்.

ஆனால் எல்லாவற்றையும் "குறைமாதம்தானே" என்று தள்ளிவிடவும் கூடாது. கழித்த கணக்கிலும் நாலு மாதம் தாண்டி விரல்கள் எப்போதும் மூடியே இருந்தால், கால் விறைத்துக் கத்திரி மாதிரி பின்னினால், ஒரு வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் பயன்படுத்தி மறு கையைச் சும்மா வைத்திருந்தால் காத்திருக்க வேண்டாம், உடனே காட்டுங்கள் என்று டாக்டர் அழுத்திச் சொன்னார். நான் வாரம் ஒருமுறை இரண்டு கைக்கும் மாறிமாறிக் கரண்டியைக் கொடுத்துப் பார்ப்பேன்.

போன செப்டம்பரில் கட்டில் விளிம்பை விட்டுவிட்டு பீரோ வரைக்கும் நாலு அடி நடந்தான். பிறந்த கணக்கில் பதினைந்து மாதம், எங்கள் காலண்டரில் பதின்மூன்று. அத்தைதான் முதலில் பார்த்து, "பதிமூணு மாசத்துல நடந்துட்டான்" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி கூவினார்கள்.