கோணலான தோப்பில் சீரான புள்ளிகள்: மண் மாதிரி கிரிட் செய்முறைத் தேர்வு அனுபவம்

மண்ணியல் முதுகலையில் எங்களுக்கு வந்த செய்முறைத் தேர்வுக் கேள்வி இதுதான். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு, ஏறக்குறைய 6 ஏக்கர். எல்லை கேஎம்எல் கோப்பாகக் கொடுக்கப்படும். 20 முதல் 25 மாதிரிகளுக்குத்தான் ஆய்வகச் செலவு தாங்கும். சீரான கட்டமாகப் புள்ளிகளை அமைத்து, ஏன் அப்படி அமைத்தீர்கள் என்று வைவாவில் சொல்ல வேண்டும். புள்ளி போடுவது சில நிமிட வேலை. மதிப்பெண் முழுக்க அந்த 'ஏன்'-இல்தான் இருக்கிறது.

முதலில் அலகு. கேஎம்எல் கோப்பு எப்போதும் அட்சரேகை, தீர்க்கரேகையில், அதாவது டிகிரியில் இருக்கும் (EPSG:4326). அதை அப்படியே QGIS-இல் Create grid கருவிக்குள் போட்டு இடைவெளி 30 என்று கொடுத்தால் அது 30 டிகிரி. இடைவெளி பரப்பை விடப் பெரிது என்று கருவி பிழை காட்டி நின்றுவிடும். சிலர் மீட்டரை டிகிரியாக மாற்றி 0.00027 என்று போட்டுச் சமாளிப்பார்கள். பொள்ளாச்சியில் அதனால் பெரிய சேதம் இல்லை, கட்டம் ஒரு சதவீதம் அளவுக்குத்தான் கோணும். காஷ்மீர் வயலில் இதையே செய்தால் கிழக்கு-மேற்கு இடைவெளி ஆறில் ஒரு பங்கு சுருங்கிவிடும். அதனால் முதலிலேயே மீட்டர் அலகுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மீட்டர் அலகில் இயங்கும் UTM முறையின் 43, 44 மண்டலங்களைப் பிரிக்கும் 78 டிகிரி தீர்க்கரேகை தமிழ்நாட்டின் குறுக்கே ஓடுகிறது. அதற்கு மேற்கே உள்ள பொள்ளாச்சிக்கு EPSG:32643, கிழக்கே உள்ள திருச்சிக்கு EPSG:32644. 'உங்கள் ஊருக்கு எது?' என்பது வைவாவில் வரக்கூடிய கேள்வி.

அடுத்தது விளிம்பு. வரப்பு, வாய்க்கால், எருக்குழி ஓரங்களில் மண் எடுக்கக் கூடாது என்பது நமக்குத் தெரியும். அதை வரைபடத்தில் செய்யும் வழி, Buffer கருவியில் -5 கொடுத்து எல்லையை 5 மீட்டர் உள்ளே இழுப்பது. கோணலான நிலத்தில் சுற்றளவு அதிகம் என்பதால் இழப்பும் அதிகம். எங்கள் தோப்பு 24,000 சதுர மீட்டர், சுற்றளவு 800 மீட்டருக்கு அருகில். உள்ளே இழுத்தபின் மிஞ்சியது சுமார் 20,000. இடைவெளியை இந்த மிச்சத்தை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். 20,000-ஐ 22 புள்ளிகளால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 30 மீட்டர் வரும்.

இந்த 30-இல்தான் கேள்வியின் பொறி இருக்கிறது. தென்னை வழக்கமாக 25 அடிக்கு 25 அடி, அதாவது 7.5 மீட்டர் இடைவெளியில் நடப்படுகிறது. நான்கு மரத்துக்கு 30 மீட்டர். நடந்துபோக வசதியாகக் கட்டத்தையும் மரவரிசைக்கு இணையாகத் திருப்பிவிட்டால், முதல் புள்ளி மரத்தடியில் விழுந்தால் எல்லாப் புள்ளியும் மரத்தடியில்தான் விழும். முதல் புள்ளி நடுவெளியில் விழுந்தால் எல்லாமே நடுவெளிதான். உரம் போடுவது மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரமுள்ள வட்டப்பாத்தியில். அதன் பரப்பு சுமார் 10 சதுர மீட்டர், ஒரு மரத்துக்கான மொத்த இடம் 56 சதுர மீட்டர். ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத இந்த இடத்தில் மட்டும் மண் எடுத்துவிட்டு, தோப்பு முழுக்கச் சாம்பல்சத்து நிறைந்திருக்கிறது என்று அறிக்கை எழுதினால் எப்படி இருக்கும்? வரைபடம் பார்க்க ஒழுங்காகவே இருக்கும், புள்ளிக்குப் புள்ளி பெரிய தாவல் தெரியாது. அதனால்தான் இந்தத் தவறை முடிவுகளைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, இடைவெளியைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மருந்து எளிது. 30-க்குப் பதில் 28. அதை 7.5-ஆல் வகுத்தால் மீதி 5.5. அடுத்தடுத்த புள்ளிகள் மரத்திலிருந்து 0, 5.5, 3.5, 1.5, 7 மீட்டர் என்று தள்ளித் தள்ளி விழும். பாத்தியும் வரும், நடுவெளியும் வரும். 28 மீட்டருக்கு எதிர்பார்க்கும் புள்ளிகள் 20,000 / 784, அதாவது 25 அல்லது 26. ஒன்று கூடினால் என்ன செய்வது? அதற்குத் தொடக்கப்புள்ளியை நகர்த்த வேண்டும். எல்லை கோணலாக இருப்பதால் கட்டத்தை அப்படியே சற்று நகர்த்தினாலே எண்ணிக்கை ஒன்றிரண்டு மாறும். QGIS-இன் கட்டம், எல்லையைச் சுற்றிய செவ்வகத்தின் மூலையிலிருந்தே தொடங்குவதால் முதல் வரிசை பெரும்பாலும் வெட்டுப்பட்டு வீணாகும். தொடக்கத்தைச் சீட்டுக் குலுக்கல்போல் தேர்ந்தெடுப்பதே முறை. R-இல் இதை எழுதுவது சுலபம்:

```r
library(sf)
t <- st_transform(st_zm(st_read("thoppu.kml")), 32643)
ul <- st_buffer(t, -5)
o <- st_bbox(ul)[c("xmin", "ymin")] - runif(2, 0, 28)
p <- st_make_grid(ul, cellsize = 28, offset = o, what = "centers")[ul]
length(p)
```

எண்ணிக்கை சரியாக வரும்வரை இதை ஓட்டலாம். ஆனால் பிடித்த இடத்தில் புள்ளி விழும்வரை ஓட்டக் கூடாது. வைவாவில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் கேட்டால் தயங்காமல் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

கொடுத்த தோப்புக்கு ஒரு வால் இருந்தது. 20 மீட்டர் அகலம், 60 மீட்டருக்கு மேல் நீளம். இருபுறமும் 5 மீட்டர் போனால் வாலின் அகலம் 10 மீட்டர்தான். அது கட்டத்துக்கு இணையாகக் கிடந்தால், 28 மீட்டர் கட்டத்தின் ஒரு வரிசை அதற்குள் விழ மூன்றில் ஒரு வாய்ப்புதான் உண்டு. விழவில்லை என்றால் கையால் ஒரு புள்ளி வைக்கலாம். வாலின் பரப்பு 600 சதுர மீட்டர், ஒரு கட்டத்தின் பங்கு 784, எனவே ஒரு புள்ளி நியாயம்தான். ஆனால் அட்டவணையில் தனிப் பத்தியில் 'கையால் சேர்த்தது' என்று குறிக்க வேண்டும். சராசரி எடுக்கும்போது அதன் எடை மற்றப் புள்ளிகளுக்குச் சமம் இல்லை.

தோப்புக்குள் போவதற்கு முன் புள்ளிகளை மறுபடி 4326-க்கு மாற்றிச் சேமியுங்கள், ஃபோன் அதைத்தான் படிக்கும். திறந்த வெளியிலேயே ஃபோன் ஜிபிஎஸ் 3 முதல் 5 மீட்டர் தவறும், தென்னை ஓலைக்குக் கீழே இன்னும் கூடும். அப்படியானால் 28-ஆ 30-ஆ என்று இவ்வளவு பார்த்தது வீணா என்று எங்கள் தேர்வாளர் கேட்டார். நல்ல கேள்வி. ஜிபிஎஸ் தடுமாறும்போது மண்வெட்டி பிடித்தவரின் கால் தானாக நடக்கச் சுலபமான நடுவெளிக்குப் போகும். அதனால் கட்டம் சரியாக இருந்தாலும், ஒவ்வொரு புள்ளியிலும் ஃபோன் காட்டும் இடத்திலேயே நின்று, அது பாத்தியா நடுவெளியா என்று குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் பிரித்துச் சராசரி எடுத்து, பரப்பின் விகிதத்தில் சேர்த்தால் ஜிபிஎஸ் பிழையின் பெரும்பகுதி அடிபட்டுப்போகும்.

கடைசிக் கேள்வி பெரும்பாலும், புள்ளிகளுக்கு இடைப்பட்ட இடங்களின் மதிப்பைக் கணிக்கும் கிரிகிங் முறை பற்றித்தான் வரும். அதற்குத் தூரம் கூடக்கூட மதிப்புகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று காட்டும் வேரியோகிராம் தேவை. 25 புள்ளிகளை வைத்து நம்பகமான வேரியோகிராம் வராது, அதற்கு நூறு புள்ளிகளாவது வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அதோடு சீரான கட்டத்தில் 28 மீட்டருக்குள் ஒரு ஜோடிப் புள்ளிகூட இல்லை, எனவே குறுகிய தூர வேறுபாடு பற்றி இந்தத் தரவுக்கு எதுவும் தெரியாது. ஆய்வகச் செலவில் இடம் இருந்தால் சில கட்டப்புள்ளிகளின் பக்கத்தில் 5, 10 மீட்டர் தள்ளி ஒரு துணைப்புள்ளி எடுங்கள். இல்லையென்றால் தூர எடையிட்ட இடைக்கணிப்போடு நிறுத்திக்கொண்டு, வரைபடத்தின் கீழேயே அப்படி எழுதிவிடுங்கள்.