தம்பி பெயரில் கிடந்த பி.எஃப்.

பாப்பா பிறந்து நாற்பது நாள் ஆச்சு. நேற்று அவளைத் தூங்க வைத்துவிட்டு, எந்த எஸ்.ஐ.பி.யை நிறுத்தலாம் என்று பார்க்க உட்கார்ந்தேன். கண்ணில் பட்டது வேறு.

பி.எஃப். நாமினி இன்னும் என் தம்பி! வேலைக்குச் சேர்ந்தபோது, கல்யாணத்துக்கு முன்னால் எழுதிக் கொடுத்தது. கல்யாணமானதுமே அந்த நியமனம் தானாகச் செல்லாததாகிவிடும் என்பதுதான் பி.எஃப். விதி. அதாவது மூன்று வருஷமாக எனக்கு நாமினியே இல்லை. மியூச்சுவல் ஃபண்டில் அப்படி இல்லை. நாமே மாற்றும்வரை பழைய பெயர்தான் நிற்கும். அங்கே இருந்தது, போன வருஷம் இறந்துபோன அப்பாவின் பெயர்.

பி.எஃப். தளத்தில் மனைவிக்கு 50, பாப்பாவுக்கு 50 சதவீதம் என்று போட்டேன். மைனர் என்பதால் கார்டியன் பெயரும் கேட்டது. சேமித்ததோடு முடிந்தது என்று மூடப் போனேன், நல்லவேளை கீழே பார்த்தேன். ஆதார் ஓ.டி.பி. போட்டு இ-சைன் செய்யாவிட்டால் எல்லாம் ‘பெண்டிங்’கிலேயே கிடக்குமாம்.

ஓ.டி.பி. வந்த நேரத்தில் பாப்பா எழுந்துவிட்டாள். இரண்டாவது ஓ.டி.பி.யில்தான் முடிந்தது. எஸ்.ஐ.பி. கணக்கு அப்படியே இருக்கிறது, நாளைக்குப் பார்க்க வேண்டும்.