எர்த் குழிக் கணக்கு: கரி எவ்வளவு, உப்பு எவ்வளவு?

ஐடிஐ எலக்ட்ரீசியன் தேர்வில் பைப் எர்த்திங் படத்தைப் பெரும்பாலானோர் சரியாக வரைந்துவிடுவார்கள். கரியும் உப்பும் எத்தனை கிலோ என்று கேட்டால்தான் திணறல். எனக்குக் கைகொடுத்த வழி, குழியின் ஒரு மீட்டர் ஆழத்துக்கு எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று முதலில் கண்டுபிடிப்பது. மற்றதெல்லாம் பெருக்கல்தான்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். குழியின் விட்டம் 40 செ.மீ., ஆழம் 2.7 மீ. உள்ளே 2.5 மீ. நீள ஜிஐ பைப், வெளிவிட்டம் 48 மி.மீ. பைப் குழியின் அடியில் நிற்கும். மேலே 30 செ.மீ. தொட்டிக்குப் போக, நிரப்ப வேண்டியது 2.4 மீ. அடியில் 15 செ.மீ. ஜல்லி, மேலே 25 செ.மீ. ஜல்லி. இடையில் இருக்கும் 2 மீட்டரில் கரி 15 செ.மீ., உப்பு 5 செ.மீ. என்று மாறி மாறி, மொத்தம் 10 ஜோடி.

குழியின் பரப்பு:

π/4 × 0.4² = 0.1257 ச.மீ.

அதாவது ஒரு மீட்டருக்குச் சுமார் 126 லிட்டர். பைப் அடைத்துக்கொள்வது 2 லிட்டருக்கும் குறைவு, கழித்தால் 124. பைப்பின் வெளிவிட்டம் கேள்வியில் இல்லையென்றால், "பைப்பின் கன அளவு கழிக்கப்படவில்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டு மேலே போகலாம். விடை ஒன்றரை சதவீதம்கூட மாறாது. ஆனால் விட்டத்தை ஆரம் என்று எடுத்துவிட்டால் எல்லா அளவும் நான்கு மடங்காகிவிடும். மீட்டருக்கு 500 லிட்டர் என்று வந்தால் அங்கேயே நிறுத்திப் பாருங்கள்.

கரி மொத்தம் 1.5 மீ., அதாவது 186 லிட்டர். உடைத்த மரக்கரி லிட்டருக்குச் சுமார் கால் கிலோ என்று வைத்தால் 46.5 கிலோ. உப்பு மொத்தம் அரை மீட்டர், 62 லிட்டர், லிட்டருக்கு 1.2 கிலோ என்றால் 74 கிலோ சொச்சம். ஜல்லி இரண்டு இடத்திலும் சேர்த்து 40 செ.மீ., சுமார் 50 லிட்டர். கேள்வியில் அடர்த்தி கொடுத்திருந்தால் அதையே போடுங்கள். இல்லையென்றால் நீங்கள் எடுத்துக்கொண்ட அடர்த்தியை எழுதிவிடுங்கள்.

கரி ஈரத்தைப் பிடித்து வைக்கும். கரைந்த உப்பு சுற்றியுள்ள மண்ணின் மின்தடையைக் குறைக்கும். புனலில் ஊற்றும் தண்ணீர் பைப்பின் துளைகள் வழியாக இரண்டையும் நனைக்கும். உப்பு காலப்போக்கில் கரைந்து போய்விடும், பைப்பையும் அரிக்கும். அதனால்தான் எர்த்தின் மின்தடையை அவ்வப்போது அளக்க வேண்டியிருக்கிறது. காரணம் கேட்டால் இவ்வளவு எழுதினால் போதும்.

தாளில் 40 செ.மீ. என்று இருக்கும் குழி, கடப்பாரையால் தோண்டும்போது எளிதாக 45 செ.மீ. ஆகிவிடும். விட்டம் வர்க்கத்தில் வருவதால் குழியின் கொள்ளளவு 27 சதவீதம் கூடும். கரியே 59 கிலோ தேவைப்படும். அதனால் செய்முறையில் கரியும் உப்பும் வாங்கும் முன், தோண்டிய குழியின் மேல், நடு, அடி என மூன்று இடத்திலும் விட்டத்தை அளந்து, சராசரியை வைத்துக் கணக்குப் போடுங்கள்.